சிஸ்டர், முதலில் என்னிடம் கேளுங்கள்

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸிடம் மெதுவாகச் சொன்னேன்: "சிஸ்டர், பாப்பாவக் குளிப்பாட்டும்போது தண்ணிக்குள்ள அமுக்கிடுற மாதிரி நெனப்பு வருது." அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய், "புள்ளைய இவகிட்டத் தனியா விடாதீங்கம்மா" என்றார். அன்றிலிருந்து பால் கொடுக்க மட்டும்தான் பாப்பா என் மடிக்கு வந்தாள். நினைப்பு இன்னும் அதிகமானது. நர்ஸே பயப்படுகிறார் என்றால் நான் செய்துவிடுவேன் போல என்று தோன்றாதா?

அடுத்த இடத்தில், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். பத்துக் கேள்வி. கடைசிக் கேள்வி என்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. குழந்தையைப் பற்றி வரும் நினைப்புக்கு ஒரு கேள்வியும் இல்லை. "மார்க் கம்மிதான், நல்லாத் தூங்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீண் அலைச்சல்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு நர்ஸ் வேறு மாதிரி தொடங்கினார். "குழந்த பொறந்ததும் நெறைய அம்மாங்களுக்கு வேண்டாத நெனப்பு திடீர்னு வரும். கீழ போட்டுடுவோமோ, நாமளே ஏதாவது செஞ்சிடுவோமோன்னு. உங்களுக்கு வருதாம்மா?" அப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. நினைப்பு வந்தால் எப்படி இருக்கும், வராமலிருக்க என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டார். அரிவாள்மனையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தது, குளிப்பாட்டுவதை நிறுத்தியது, ராத்திரி முழுக்க மூச்சைத் தொட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் சொன்னேன். நினைப்பைக் கண்டு நடுங்குவதும் அதற்காக ஒதுங்குவதும்தான், வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து ஆட்டிவைக்கும் ஓசிடி என்ற நோயின் அடையாளமாம்.

மறுபக்கத்தையும் அவர் விடவில்லை. குரல் ஏதாவது கேட்கிறதா, குழந்தையிடம் கெட்ட சக்தி இருப்பதாகத் தோன்றுகிறதா, தூங்காமலே சுறுசுறுப்பாக இருக்கிறீர்களா, நினைப்பில் வருவதைச் செய்வதுதான் சரி என்று படுகிறதா, சாகத் தோன்றுகிறதா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும், தாயைத் தனியாக விடக்கூடாது என்றார். எனக்கு எதுவும் இல்லை. டாக்டர் செர்ட்ராலின் மாத்திரை எழுதி, தாய்ப்பாலைத் தொடரச் சொன்னார். கூடவே, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிப்பாட்டப் பழகும் சிகிச்சை.

எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று ஆறுதல் பற்றியது. "நான் ஒண்ணும் செஞ்சிட மாட்டேன்ல?" என்று என் கணவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். "மாட்டே" என்பார். பத்து நிமிஷம் நிம்மதி, அப்புறம் மறுபடி அதே கேள்வி. கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வதும் மூச்சைத் தொட்டுப் பார்ப்பது போன்ற வேலைதான், அது நோய்க்குத் தீனி என்றார் நர்ஸ். இந்த நினைப்பு என்ன, ஏன் ஆபத்தில்லை என்பதை ஒரே ஒரு தடவை, அவசரப்படாமல், வீட்டாரையும் வைத்துக்கொண்டு விளக்கினார். அதன்பின் கேட்டால், "இது ஓசிடி கேக்குற கேள்வி, பதில் சொல்ல மாட்டேன், பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று சொல்லும்படி என் கணவருக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் வாரம் அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது எனக்கு!

முதல் இடத்தில் என் சீட்டில் 'குழந்தைக்கு ஆபத்து' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அடுத்த ஊசிக்குப் போனபோதும் அதைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். சிஸ்டர், எழுதுவதாக இருந்தால் என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள், குரல் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.