நூறு மில்லி ஹைப்போவும் முதலாளியோட கட்டை விரலும்

மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் மாங்காக் கூழு எடுக்கற பல்ப் கம்பெனில வேல பாத்தவங்களுக்குத் தெரியும், காலைல ஆறரைக்கு நாம பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே குரூப்ல நாப்பது மெசேஜ் கெடக்கும். போச்சம்பள்ளி லோடு வந்துருச்சு, பர்கூர் லாரி பஞ்சர், பெங்களூரா காயி பாதி பழுக்கல, இன்னைக்கு கேன்டீன்ல பொங்கலா இட்லியா, இதுக்கு நடுவுல யாராவது ஒருத்தர் ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங். நான் அங்க லேப்ல இருக்கேன். எங்க டீம் குரூப்ல பதினஞ்சு பேரு, அதுல முதலாளியும் ஒருத்தர், அவரு பேசமாட்டாரு ஆனா படிப்பாரு, அதுதான் பயமே.

அன்னைக்கு 6:46க்கு போன எடுத்துப் பாக்கறேன், நம்ம புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் அண்ணா 6:38க்கு போட்டிருக்காரு: "இன்னைல இருந்து வாஷிங் டேங்க் 500 லிட்டருக்கு 100 மில்லி ஹைப்போ ஊத்தவும். 200 பிபிஎம் வரும். எல்லாரும் ஃபாலோ பண்ணவும்." கீழ வரிசையா ஓகே அண்ணா, ஓகே அண்ணா, ஒரு கும்பிடு. ஹைப்போன்னா காயக் கழுவற தண்ணில கிருமி சாகறதுக்காக ஊத்தற குளோரின் மருந்து.

எனக்கு தூக்கம் தெளிஞ்சு போச்சு. ஏன்னா அது பத்து மடங்கு கம்மி.

கணக்கு ரொம்ப சிம்பிள்தான். 200 பிபிஎம்னா ஒரு லிட்டர் தண்ணில 200 மில்லிகிராம் குளோரின். 500 லிட்டருக்கு 200ஆல பெருக்குனா ஒரு லட்சம் மில்லிகிராம், அதாவது 100 கிராம். எங்ககிட்ட இருக்கற ஹைப்போ கேன்ல 10 சதவீதம்னு போட்டிருக்கும், அப்ப ஒரு லிட்டர்ல சுமாரா 100 கிராம் குளோரின் இருக்குன்னு வெச்சுக்கலாம். ஆக ஊத்த வேண்டியது முழுசா ஒரு லிட்டர். அண்ணா 100 கிராம்ங்கறத 100 மில்லின்னு எடுத்துக்கிட்டாரு, அவ்ளோதான் விஷயம். அப்படி ஊத்துனா வர்றது 20 பிபிஎம், அதையும் மாங்கா மேல இருக்கற மண்ணும் காம்புப் பாலும் கொஞ்ச நேரத்துலயே தின்னு ஏப்பம் விட்டுரும். இதுல கொடும என்னன்னா, ஹைப்போ அதிகமா ஊத்துனா கண்ணு எரியும், மூக்கப் பொத்திக்கிட்டு ஆளாளுக்கு ஓடி வருவாங்க, கம்மியா ஊத்துனா எதுவுமே தெரியாது, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், குளோரின் பாக்கற ஸ்ட்ரிப்ப முக்கிப் பாத்தாதான் கலர் ஏறாம வெள்ளையா முழிக்கும். பின்னாடி பல்ப்ப சூடு பண்றோம்தான், அதனால ஆளக் கொல்ற தப்பு இல்ல, ஆனா கழுவாத காயக் கழுவுன காயின்னு நெனச்சுக்கிட்டு நாள் முழுக்க ஓட்டுவோம்.

சரி, தப்புன்னு தெரிஞ்சுது. எப்படிச் சொல்றது?

இங்க ஒரு பழைய கதய சொல்லியாகணும். சீசன் ஆரம்பத்துல அக்கவுன்ட்ஸ் சார் ஒரு ஞாயித்துக்கெழம குடும்பத்தோட கேஆர்பி டேமுக்குப் போயிட்டு, போட்டோ போட்டு "காமராஜர் 1967ல் திறந்து வைத்த அணை"ன்னு எழுதியிருந்தாரு. பேக்கிங்ல ஒரு தம்பி இருக்கான், புதுசா வந்தவன், நல்ல பையன் ஆனா கைக்கு பிரேக் கெடயாது. "சார் அது 1957, 67ல அவரு சிஎம்மே இல்ல"ன்னு போட்டு கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு பொம்ம அஞ்சு. அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. சார் ஒரு வார்த்த பேசல, போட்டோவ எடுத்துட்டாரு. அப்புறம் தம்பி அட்வான்ஸ் வவுச்சர் போட்டப்ப, அது மூணு தடவ "கையெழுத்து சரியா விழல"ன்னு திரும்பி வந்துச்சு. நாலாவது தடவ அவனே சிரிக்கல.

அணை எந்த வருசம் தொறந்தா நமக்கென்ன, ஒரு போன்ல தனியா சொல்லியிருந்தா முடிஞ்சுது, சொல்லாம விட்டிருந்தாலும் அணை இடிஞ்சு விழப்போறதில்ல. ஆனா ஹைப்போ அப்படி இல்ல, ஏழு மணிக்கு ஷிஃப்ட் ஏறுது, ஏறுனதும் மொத வேல டேங்க்ல ஊத்தறது.

அண்ணாவுக்கு போன் போட்டேன். எடுக்கல. காவேரிப்பட்டணத்துல இருந்து வண்டில வந்துட்டிருப்பாரு, போன் சட்ட பாக்கெட்ல பாடிக்கிட்டே இருக்கும், மனுசன் நிறுத்தி எடுக்கற ஜாதி இல்ல. தனி மெசேஜ் போட்டேன், ஒரு டிக்கோட நிக்குது. மணி 6:50.

மொதல்ல நான் டைப் பண்ணது என்னன்னா, "அண்ணா அளவு தப்பு, 1 லிட்டர் வரணும்". அனுப்பப் போறப்ப விரல் நின்னுச்சு. இருவது வருசமா இந்த லைன்ல இருக்கறவரு, எனக்கு மொத வருசம் பழுத்த காயி எது வெம்பல் எதுன்னு தடவிப் பாத்து சொல்லிக் குடுத்தவரு, முதலாளி படிக்கற குரூப்ல லேப் பொண்ணு வந்து உனக்குக் கணக்குத் தெரியலன்னு சொல்றதா? அழிச்சுட்டு அடுத்து, "அண்ணா, ஒரு சின்ன டவுட், தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சேன். அது இன்னும் மோசம். தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொன்னாலே பதினஞ்சு பேரும் அவரு எதையோ தப்பா சொல்லிட்டாருன்னு சேர நகத்தி உக்காந்துக்குவாங்க. அதையும் அழிச்சேன்.

கடைசில போட்டது இது: "ஹைப்போ ஊத்தறவங்க ஒரு பத்து நிமிசம் பொறுங்க. இப்ப ஓடற கேன் எத்தன சதவீதம்னு லேப்ல பாத்துட்டு அளவ உறுதி பண்ணிச் சொல்றோம். அதுக்கு முன்னாடி ஊத்த வேணாம்." அவ்ளோதான். அவரோட மெசேஜ கோட் பண்ணல, பேரு சொல்லல. கோட் பண்ணா என்ன ஆகும்னா தப்பான நம்பரே மறுபடி ஒருக்கா கண்ணுல படும், பாதி பேரு மேல இருக்கறத மட்டும் படிச்சுட்டு கீழ நான் எழுதுனத விட்டுருவாங்க. எனக்கு அந்த நேரத்துல வேண்டியது யாரு சரி யாரு தப்புங்கறது இல்ல, கேன் மூடி தொறக்காம இருக்கணும்.

இதுல பொய்யும் இல்ல, கேன் நெசமாவே பாக்க வேண்டியதுதான், வெயில்ல கெடந்த ஹைப்போ நாளாக ஆக வீரியம் கொறஞ்சுரும். பாக்கலாம்னு லேபுக்கு ஓடுனேன், அங்க செவுத்துல ஒட்டியிருந்த அட்டைய பாத்ததும் எனக்கு வேர்த்துருச்சு. என் கையெழுத்து. "500 லி - 100 கி (200 பிபிஎம்)". நேத்து சாயந்திரம் அண்ணா இதப் பாத்துட்டுதான் போயிருக்காரு. 100 கிராம் குளோரின்னு நான் எனக்கே எழுதி வெச்சுக்கிட்டது, ஊத்தற அளவு எத்தனன்னு அதுல இல்லவே இல்ல. என்னோட "கி"யும் "மி"யும் எப்பவுமே அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், எங்க ஸ்கூல்லயே டீச்சர் தலையில அடிச்சுக்குவாங்க.

6:58க்கு அண்ணா கூப்பிட்டாரு. கம்பெனி கேட்டுக்கிட்ட வந்து எறங்கி எல்லாத்தையும் பாத்திருக்காரு. "என்னா கண்ணு, பொறுங்கன்னு போட்டுருக்க?"

"அண்ணா, அட்டைல நான் 100 கின்னு எழுதியிருக்கேன், அது குளோரின் கிராம் கணக்கு. ஹைப்போவா ஊத்தறப்ப எத்தன வரும்னு நான் எழுதாம விட்டுட்டேன். நம்ம கேன் 10 சதவீதம்தானே?"

ஒரு ரெண்டு செகண்ட் சத்தமில்ல. அப்புறம், "அட ஆமா… அப்ப ஒரு லிட்டருல்ல வரும்." அவரே சொல்லிட்டாரு, நான் நம்பரச் சொல்லவே இல்ல. "இரு, மெசேஜ மாத்திடறேன்."

மாத்த முடியல. வாட்ஸ்அப்ல போட்டத எடிட் பண்ண 15 நிமிசம்தான், அது 6:53க்கே முடிஞ்சுது. மாத்த முடிஞ்சிருந்தாலும் பெருசா பிரயோஜனம் இல்லங்க, எடிட் பண்ணா யாருக்கும் புதுசா மணி அடிக்காது, ஏற்கெனவே படிச்சவன் திரும்பிப் போயி படிக்க மாட்டான். அவரு லேபுக்கு வந்ததும் போன வாங்கி மெசேஜ் இன்ஃபோ பாத்தோம், போட்டவருக்கு மட்டும்தான் அது தெரியும், அதுவரைக்கும் பதினோரு பேரு படிச்சாச்சு. "அப்ப டெலிட் பண்ணிடட்டுமா"ன்னாரு. வேணாம்ணா, இப்ப எடுத்தா நம்பரு அவங்க மண்டைல அப்படியே இருக்கும், சரியான நம்பரு போயி சேரணும், அதுவும் உங்க பேருல வந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னேன். யோசிச்சு அவரே டைப் பண்ணாரு: "வாஷிங் டேங்க் இறுதி அளவு: 500 லிட்டருக்கு ஹைப்போ 1 லிட்டர். ஊத்திக் கலக்கிட்டு லேப் ஸ்ட்ரிப் பாத்த பிறகுதான் காய் போடணும். காலைல போட்ட அளவு வேண்டாம்." அந்தக் கடைசி வரி நான் கேட்டு வாங்குனது. மனுசன் அத எழுத முகத்த சுளிச்சாரு, ஆனா அது இல்லாட்டி ரெண்டு அளவும் குரூப்ல பக்கத்துப் பக்கத்துல நிக்கும், எது கடைசின்னு எவனுக்குத் தெரியும்.

ஒரு நிமிசம் ஆகல, அந்த பேக்கிங் தம்பி வந்தான். "அப்ப காலைல போட்டது தப்பாண்ணா?"

அண்ணா என்னப் பாத்தாரு. நான் ஒடனே போட்டேன்: "லேப் அட்டைல நான் கிராம்ல எழுதி வெச்சது தம்பி, புது அட்ட ஒட்டிட்டேன்." நெசந்தானே. தம்பி ஓகேக்கான்னு அடங்கிட்டான். தனியா கூப்புட்டு வவுச்சர் ஞாபகம் இருக்கான்னு மட்டும் கேட்டேன்.

இதோட முடிஞ்சுதுன்னு டீ குடிக்கலாம்னு வாஷிங் பக்கம் போனா, டேங்க்ல ஊத்தற பையன் அளவு கப்போட நிக்கறான், இடது உள்ளங்கைல பேனாவால பெருசா 100னு எழுதியிருக்கான். போன லாக்கர்ல வெச்சுட்டான், அதுக்கப்புறம் குரூப்ல நடந்த எந்தச் சரித்திரமும் அவனுக்குத் தெரியாது. நல்லவேள அப்பதான் கப்ப கழுவிட்டிருந்தான். கையப் புடிச்சு 100க்குப் பக்கத்துல இன்னொரு சைபர் போட்டு விட்டேன். ஊத்திக் கலக்கி ஸ்ட்ரிப் முக்குனோம், 200 கட்டத்துக்கிட்ட கலர் வந்து நின்னுச்சு, காயி எறங்குச்சு.

பதினோரு மணிக்கு முதலாளி எந்திரிச்சாரு போல. அவரு குரூப்ப மேல இருந்து வரிசையா படிக்கறவரு. 6:38 மெசேஜுக்கு, அதாவது 100 மில்லிக்கு, ஒரு கட்டை விரல். கீழ இருந்த எதுக்கும் ஒன்னும் இல்ல.

போச்சா. மத்தியான ஷிஃப்ட் ஆளு எனக்கு போன் போட்டுக் கேக்கறான், "சார் 100க்கு ஓகே சொல்லிட்டாரு போல, அப்ப 100 தானாக்கா?" முதலாளி விரலத் திருத்த யாராலங்க முடியும். அண்ணாவும் நானும் லேப்ல உக்காந்து யோசிச்சோம், கடைசில இப்பதான் டெலிட்டுக்கு நேரம்னு முடிவு பண்ணோம், சரியான அளவு கீழ தெளிவா இருக்கு, தப்பான மெசேஜ் போனா கட்டை விரலும் அது கூடவே போயிரும். ரெண்டு நாள் வரைக்கும் எல்லாருக்கும் சேத்து எடுக்கலாம். அண்ணா கண்ண மூடிக்கிட்டு அமுக்குனாரு.

ரெண்டு நிமிசம் கழிச்சு, ஆறு மாசமா குரூப்ல வாயே தொறக்காத முதலாளி எழுதுறாரு: "நான் லைக் போட்ட மெசேஜ் எங்க?"

அண்ணா வேர்வையத் தொடச்சுக்கிட்டே டைப் பண்ணாரு: "கை பட்டுருச்சு சார்."

அதுக்கும் ஒரு கட்டை விரல் வந்துச்சு.