எடைக்கா, ரிஃபாம்பிசினுக்கா?

"எடைக்காக ரெண்டு மாத்திரை கொடுத்துப் பிரயோஜனம் இல்லைன்னு ஆராய்ச்சியே வந்தாச்சே" என்றார் டாக்டர், போனில். "எடைக்கு இல்ல மேடம், ரிஃபாம்பிசினுக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சீட்டைத் திருத்தித் தர்றேன், ரெண்டு கொடுங்க" என்றார். என் பதில் சரிதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அது எந்த அளவுக்குச் சரி என்பதில்தான் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை.

அவர் எழுதிய சீட்டில் அவசர கருத்தடை மாத்திரையான லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒன்று என்றிருந்தது. உறவு நடந்தது சனிக்கிழமை இரவு, சீட்டோடு அந்தப் பெண் என் மருந்துக் கடைக்கு வந்தது திங்கள் மாலை. கிட்டத்தட்ட 44 மணி நேரம் ஆகியிருந்தது. எடை 82 கிலோ. "இப்ப வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா அக்கா?" என்று கடைத் தம்பி கேட்டதற்கு இல்லை என்றார். அது பொய்யும் இல்லை. "போன ஒரு மாசத்துல?" என்று நான் கேட்ட பிறகுதான் கழுத்து நெறிக்கட்டிக்கு ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டதும், அது முடிந்து பதினைந்து நாள் ஆனதும் தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அட்டை அட்டையாகக் கொடுக்கும் மாத்திரையில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று யாருக்கும் பெயர் தெரியாது. "சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்துல போச்சாம்மா?" என்றால் உடனே தலையாட்டுவார்கள். அந்த நிறம் டிபி மருந்தான ரிஃபாம்பிசினுடையது.

ரிஃபாம்பிசின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். லெவோநோர்ஜெஸ்ட்ரலைச் சிதைப்பதும் அதே நொதிகள்தான் என்பதால், விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் நிற்க வேண்டிய நேரம் நிற்காது. மருந்தை நிறுத்திய மறுநாளே நொதிகள் பழைய அளவுக்கு இறங்குவதும் இல்லை. அதனால்தான் கடைசி மாத்திரைக்குப் பிறகும் நான்கு வாரம் கணக்கில் வைக்கச் சொல்கிறார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால், எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸ் எல்லாம் இதே வேலையைச் செய்பவை. அதே வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் இதைச் செய்யாது. சளிக்கு எடுக்கும் அமாக்சிசிலினும் செய்யாது. ஆன்டிபயாடிக் என்றாலே கருத்தடை மாத்திரை வேலை செய்யாது என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. ரிஃபாம்பிசின் குடும்பத்தைத் தாண்டி அந்தப் பயம் தேவையில்லை.

எஃபாவிரென்ஸ் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் லெவோநோர்ஜெஸ்ட்ரல் ஏறக்குறைய பாதியாகக் குறைவதைப் பார்த்துத்தான், 2016-இல் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இப்படிப்பட்டவர்களுக்கு முதல் தேர்வு காப்பர்-டி, அது முடியாதபோது 3 மில்லிகிராம், அதாவது இரண்டு மாத்திரை சேர்த்து, என்று சொன்னது. நான் டாக்டரிடம் சொன்னதன் அடிப்படை இதுதான். யுலிப்ரிஸ்டால் என்ற இன்னொரு அவசர மாத்திரை உண்டு. நொதியைப் பெருக்கும் மருந்து எடுத்தவருக்கு அதைத் தரச் சொல்வதில்லை.

டாக்டர் சொன்னதிலும் தப்பில்லை. எடை விவகாரம் 2013-இல் ஐரோப்பாவில் கிளம்பியது. ஒரு கம்பெனி மாத்திரையின் தாளில் 75 கிலோவுக்கு மேல் பலன் குறையும், 80-க்கு மேல் பலனே இல்லை என்று அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டே ஐரோப்பிய மருந்து முகமை, அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை, எடை எதுவானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றது. பிரிட்டிஷ் வழிகாட்டியோ 70 கிலோ அல்லது பிஎம்ஐ 26-ஐத் தாண்டினால் வேறு வழி பார், இல்லையென்றால் இரண்டாகக் கொடு என்கிறது. எடை கூடியவர்களுக்கு இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு பாதியாக இருப்பதும், இரண்டு மாத்திரை கொடுத்தால் அது ஈடாவதும் அளந்து பார்த்த விஷயம். ஆனால் 2022-இல் அமெரிக்காவில் பிஎம்ஐ 30-க்கு மேல், எடை 80 கிலோவுக்கு மேல் உள்ள பெண்களுக்கு ஒன்றும் இரண்டும் கொடுத்து ஒப்பிட்டபோது, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் கிடைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது இங்கேதான். எடையில், இரத்தத்தில் மருந்தின் அளவைச் சரிசெய்தும் பலன் கூடியதாக நிரூபணம் ஆகவில்லை. ரிஃபாம்பிசினுக்கு இரண்டு கொடுப்பதும் இரத்த அளவை நம்பித்தான்; அதனால் கர்ப்பம் தடைபட்டது என்று எண்ணிக் காட்டிய ஆய்வை நம்பி அல்ல. அப்படியானால் "எடைக்கு இல்ல, ரிஃபாம்பிசினுக்கு" என்று நான் அவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொன்னது சரியா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். ஒன்று உடலில் மருந்து பரவும் விதம், மற்றது மருந்தை அழிக்கும் வேகம், காரணம் வேறு. ஆனால் அந்தப் பெண்ணிடம் இரண்டு காரணமும் ஒரே உடம்பில் இருந்தன. இரண்டும் சேர்ந்தால் எத்தனை மாத்திரை என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. மூன்று, நான்கு என்று நாமாக ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது.

அதைவிடப் பெரிய சங்கடம் நாள் கணக்கு. "72 மணி நேரம்னு அட்டையில போட்டிருக்கே சார், ராத்திரி சாப்பிட்டுட்டு போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அந்த 72 ஒரு வெளி எல்லை மட்டும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 1998 ஆய்வில், வந்திருக்கக்கூடிய கர்ப்பங்களில் முதல் 24 மணி நேரத்தில் போட்டவர்களுக்கு 95 சதவீதமும், 48-க்குள் போட்டவர்களுக்கு 85-உம், 72-க்குள் போட்டவர்களுக்கு 58-உம் தடுக்கப்பட்டன. இந்த மாத்திரை செய்வது ஒன்றே ஒன்று: கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டையை வெளியேற்றும் எல்எச் ஹார்மோன் எகிறத் தொடங்கிவிட்டால் அதன் பிறகு ஒன்று போட்டாலும் இரண்டு போட்டாலும் பலன் இல்லை. அவருக்கு 28 நாள் சுழற்சி. சனிக்கிழமை பன்னிரண்டாம் நாள், கடைக்கு வந்த திங்கள் பதினான்காம் நாள். எல்எச் அதற்குள் எகிறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆக, எடை, ரிஃபாம்பிசின், நாள் மூன்றும் தொடாத வழி காப்பர்-டி ஒன்றுதான். அது கல்லீரல் வழியாகப் போவதில்லை. தாமிரம் கருப்பையிலேயே விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள், அவருக்கு வியாழன் இரவுக்குள், போட்டால் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பம் நிற்பது அரிது. அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் "மாதவிலக்கு வந்ததும் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. அதனால் "அவசர கருத்தடைக்காக, வியாழனுக்குள்" என்று சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டேன். எழுதினார்.

மாத்திரை இரண்டையும் ராத்திரி வரை தள்ளாமல் உடனே, ஒன்றாக விழுங்கச் சொன்னேன். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி இரண்டும் போட வேண்டும். முட்டை தள்ளிப்போகிறதே தவிர நின்றுபோவதில்லை என்பதால் அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஆணுறை வேண்டும். தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் மாதவிலக்கு வராவிட்டால், இல்லை உறவு நடந்து மூன்று வாரம் கழித்து, சிறுநீர்ப் பரிசோதனை.

இரண்டு மாத்திரை விழுங்கியவர் அந்தத் தைரியத்திலேயே காப்பர்-டிக்குப் போகாமல் இருந்துவிடுவார் என்பது கடைத் தம்பியின் வாதம். ஒன்றே ஒன்று கொடுத்து, "இது போதாதும்மா, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்" என்று சொல்லியிருந்தால் கட்டாயம் போயிருப்பார் என்கிறான். ஆஸ்பத்திரியில் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டால் அந்த ஒரு மாத்திரையோடு அவர் நிற்க வேண்டியிருக்குமே என்றால், "அதுக்குத்தான் ரெண்டுன்னா அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்கிறான். சொன்னேன், ஆனால் இரண்டு பெட்டியையும் கையில் கொடுத்த பிறகு.