இரண்டு நாணயமும் மூன்று பெட்டிகளும்

இன்று தரம் 9 மாணவர்களிடம் ஓர் ஐந்து ரூபாயையும் ஒரு பத்து ரூபாயையும் ஒன்றாகச் சுண்டினால் என்ன கிடைக்கும் என்று முதலில் எழுதிவைக்கச் சொன்னேன். (நமது நாணயங்களில் தலை இல்லாததால் அரச இலச்சினைப் பக்கத்தைத் 'தலை' எனவும் பெறுமதி உள்ள பக்கத்தைப் 'பூ' எனவும் வைத்துக்கொண்டோம்.) இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்று பெட்டிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று பெரும்பாலானோர் எழுதியிருந்தார்கள்.

ஒவ்வொரு சோடியும் 20 தடவை சுண்டிப் பதிந்தது. ஒரு சோடிக்கு 9, 4, 7 என்று வந்ததால், "எங்கட கணிப்புச் சரிதானே, சேர்!" என்றார்கள். கரும்பலகையில் வகுப்பின் 400 பதிவுகளையும் கூட்டியபோது இரட்டைத் தலை 97, இரட்டைப் பூ 95, கலப்பு 208 என வந்தது. ஐந்து ரூபாய் தலையாகவும் பத்து ரூபாய் பூவாகவும் விழுவது ஒரு விளைவு, மாறி விழுவது வேறொரு விளைவு என்பதால், சம வாய்ப்புள்ள விளைவுகள் நான்கு. கலப்பின் நிகழ்தகவு 1/2. 1754இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் தலம்பேரும் ஒரு நாணயத்தை இரு தடவை சுண்டுவதில் மூன்று விளைவுகளையே சமமாக எண்ணினார் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

நாளை ஒரு சிவப்புத் தாயக்கட்டையையும் ஒரு வெள்ளைத் தாயக்கட்டையையும் உருட்டுவோம். கூட்டுத்தொகை 2, 3 ஆகியவற்றில் எது கூடுதலாக வரும் என்ற கணிப்பை இன்றே கொப்பியில் எழுதுவித்துவிட்டேன்.