ஐஸ் பிளான்ட்காரரிடம் காகிதம் வாங்கிய பதினொரு நாள்

மண்டபத்தில் இறால், கணவாய் வாங்கி அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். 2024 ஜூன் 3ஆம் தேதி முதலாளி கூப்பிட்டு, "தடை முடிஞ்சதும் பழைய ஐஸ்காரரை மட்டும் நம்பி இருக்க முடியாது, தேவிபட்டினம் பக்கம் ஒரு பிளான்ட் பேசியிருக்கேன், பேப்பர் வாங்கி சிஸ்டத்துல ஏத்திடு" என்றார். ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடை முடிகிறது. விசைப்படகு கிளம்பிவிட்டால் ஐஸுக்கு அடிதடிதான். பதினொரு நாள் இருக்கிறதே, ஒரு மதியத்தில் முடிகிற வேலைதானே என்று நினைத்தேன்.

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரிய மகனுக்கு போன் போட்டு, "தம்பி, ஜிஎஸ்டி சர்டிபிகேட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, மத்ததை அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த 'அப்புறம்'தான் என்னைக் கவிழ்த்தது.

சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழை அப்படியே எடுத்திருந்தார். நடுவில் டியூப்லைட் வெளிச்சம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சரியாக ஜிஎஸ்டி எண்ணின் கடைசி எழுத்தின் மேல். அந்த எழுத்து ஒரு சரிபார்ப்புக் குறி. அது இல்லாமல் அந்த எண்ணைப் போட்டு ஜிஎஸ்டி போர்ட்டலில் தேட முடியாது. "கண்ணாடியைத் துடைச்சிட்டு இன்னொண்ணு எடுங்க தம்பி" என்று சொல்லி, மறு போட்டோ வர இரண்டு நாள்.

வந்ததும் gst.gov.in தளத்தில் Search Taxpayer போய் எண்ணைத் தட்டினேன். கடையின் பெயர் சரியாக இருந்தது. ஆனால் நிலை என்ற இடத்தில் Cancelled. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

விசாரித்தால் கதை இதுதான். பிளான்ட் முன்பு அப்பா பெயரில் இருந்திருக்கிறது. அவருக்கு வயதானதும் மகன்கள் இருவரும் பார்ட்னர்ஷிப் போட்டுப் புதிய பதிவு வாங்கி, பழையதை ரத்து செய்துவிட்டார்கள். போர்டு அதே போர்டு, கடைப் பெயர் அதே பெயர். சுவரில் இருந்த சட்டத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. தம்பி மேல் தப்பில்லை, நான் சர்டிபிகேட் கேட்டேன், கண்ணில் பட்டதை அனுப்பினார்.

போர்ட்டல் பார்க்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அன்றுதான் எனக்கே உறைத்தது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து எழுத்தும் பான் எண்தான். அந்தப் பத்தில் நான்காவது எழுத்தைப் பாருங்கள்: P என்றால் தனிநபர், F என்றால் பார்ட்னர்ஷிப், C என்றால் கம்பெனி. எனக்கு வந்ததில் P இருந்தது. "நாங்க ரெண்டு பேரும் பார்ட்னர்" என்று முதல் போனிலேயே சொன்னவரின் எண்ணில் P எப்படி வரும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ரத்தான எண்ணில் பில் வாங்கியிருந்தால், ஐஸுக்குப் போடும் 5 சதவீத வரி, நாங்கள் திரும்ப எடுக்கக்கூடிய வரியை ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் 2B பட்டியலில் வந்தே இருக்காது. கட்டிய வரியை எடுக்க முடியாமல் நஷ்டம் எங்கள் தலையில்.

அடுத்து பேங்க். புதிய சர்டிபிகேட் வந்த தெம்பில் பாஸ்புக் கேட்டேன். வந்தது அப்பாவின் பாஸ்புக், அதுவும் பாண்டியன் கிராம வங்கி என்று அச்சடித்தது. அந்த வங்கி 2019லேயே பல்லவனோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. பாஸ்புக்கில் இருந்த ஐஎஃப்எஸ்சியை நம்பிப் பணம் போட முடியாது. அது சரியாகவே இருந்தாலும் பில் பார்ட்னர்ஷிப் பெயரில், பணம் அப்பா பெயரில் என்றால் ஆடிட்டர் என்னைச் சும்மா விடமாட்டார். "அப்ப கேன்சல் செக் அனுப்புறேன்க்கா" என்றார். அனுப்பினார். கரண்ட் அக்கவுண்ட் செக்தான், ஆனால் பெயர் அச்சாகாத செக். வெறும் கணக்கு எண் மட்டும் இருக்கிற செக்கை வைத்து அது யாருடையது என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 10, பொறுமை போய் நேரிலேயே கிளம்பிவிட்டேன். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம், அங்கே இறங்கி தேவிபட்டினம் பஸ். போய்ச் சேர்ந்தால் தம்பி ராமநாதபுரத்தில் பேங்கில் நிற்கிறார், எனக்காகவே ஸ்டேட்மெண்ட் வாங்க! வழியில் எதிர் பஸ்ஸில் கடந்திருப்போம் போல. பெரியவர் மட்டும் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். சுவரில் அந்தச் சட்டம் அப்படியே தொங்கியது, பொட்டு இல்லாமல்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டிய மெசேஜை எழுதினேன். இப்போது யாருக்கும் அதையேதான் அனுப்புகிறேன்:

"வணக்கம். முதலில் ஒரு கேள்வி: பில் யார் பெயரில் போடுவீர்கள்? கீழே உள்ள எல்லாமே அதே பெயரில் வேண்டும்.
1. ஜிஎஸ்டி சர்டிபிகேட், போர்ட்டலில் இறக்கிய பிடிஎஃப், எல்லாப் பக்கமும். போட்டோ வேண்டாம்.
2. அதே பெயரில் பான் கார்டு. பார்ட்னர்ஷிப் என்றால் பார்ட்னருடைய பான் அல்ல, நிறுவனத்தின் பான்.
3. பெயர் அச்சான கேன்சல் செக். இல்லையென்றால் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி மூன்றும் தெரிகிற ஸ்டேட்மெண்ட் முதல் பக்கம்.
4. உதயம் பதிவு இருந்தால் அந்தச் சான்றிதழ். இல்லையென்றால் 'இல்லை' என்று ஒரு வரி.
எல்லாம் சேர்ந்ததும் மொத்தமாக அனுப்புங்கள்."

நான்காவது எதற்கு என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐஸ் பிளான்ட் உற்பத்தி செய்கிற தொழில். உதயம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளுக்கு மேல் போகாமல், பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். கெடு தாண்டியும் மார்ச் 31 வரை கொடுக்காமல் விட்டால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 கணக்கிலிருந்து இது அமலில் இருக்கிறது. அதனால் பதிவு இருக்கிறதா என்பது எங்களுக்கு முதல் பில்லுக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

மெசேஜ் போன மறுநாள் மதியம் நான்கும் வந்தன, ஒரே நேரத்தில், ஒரே பெயரில். அந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுக்கொண்டேன். போனதும் நிறுவனத்தின் பெயரே திரையில் காட்டியது. 13ஆம் தேதி சிஸ்டத்தில் ஏற்றிவிட்டு முதலாளியிடம் சொன்னேன். "இதுக்கா இத்தனை நாள்?" என்றார். பஸ் டிக்கெட்டை வவுச்சரோடு வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

15ஆம் தேதி காலை முதல் லோடு ஐஸ் வந்தது. டிரைவர் நீட்டிய பில்லை வாங்கிப் பார்த்தேன். மேலே அச்சடித்த பழைய எண், P-யோடு. அதைப் பேனாவால் அடித்துப் புதிய எண்ணை எழுதியிருந்தார்கள். பில்லைத் திருப்பி டிரைவரிடமே கொடுத்துவிட்டுத் தம்பிக்கு போன் செய்தேன்.

"அக்கா, அந்த புக்குல இன்னும் நாப்பது தாள் இருக்குக்கா" என்றார்.