பி1 எட்டிவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் ஜெர்மன் அனுபவம்

ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை வகுப்பு முடிந்த கையோடு, அடுத்த நிலையான பி1 தேர்வுக்குப் பணம் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கோவையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஷிஃப்ட் வேலை. நான் படித்த மையத்தில் மூன்றே மாதத்தில் பி1 முடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள், பாடப்புத்தகமும் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தது, அதனால் நானும் முடிந்துவிட்டது என்றே நம்பினேன். பணம் கட்டுவதற்கு முன், இந்தத் தேர்வை நடத்தும் கோதே நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பி1 மாதிரித் தாளை, நேரம் வைத்து வீட்டில் எழுதிப் பார்த்தேன். வாசிப்பில் முப்பதுக்கு 24. கேட்டலில் முப்பதுக்கு 13. தேர்ச்சிக்கு ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 60 வேண்டும், அதாவது முப்பதில் 18. ஒரே ஆள், ஒரே நாள், வாசிப்பில் தேர்ச்சி, கேட்டலில் அந்தப் பக்கமே போகவில்லை. அப்படியானால் நான் பி1-ஆ, ஏ2-ஆ?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் கேன்-டூ வாக்கியங்களை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 முதல் சி2 வரை ஒவ்வொரு நிலைக்கும் 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற வடிவத்தில் வாக்கியங்கள் இருக்கின்றன. பல பாடப்புத்தகங்களிலும் இருப்பதுதான், நாம்தான் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அதிலுள்ள சுயமதிப்பீட்டு அட்டவணை கேட்டல், வாசிப்பு, உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுத்து என்று ஐந்தாகப் பிரிந்திருக்கும். ஐந்துக்கும் தனித்தனியாகத்தான் நிலையைக் குறிக்க வேண்டும். ஆக என் கேள்வியே தப்பு. நான் வாசிப்பில் பி1, கேட்டலில் ஏ2, அவ்வளவுதான். 'மூன்று மாதத்தில் பி1' என்ற இலக்கை அன்றே விட்டுவிட்டு, எந்தத் திறனில் எந்த வாக்கியம் இன்னும் கைக்கு வரவில்லை என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த வாக்கியங்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். உரையாடலுக்கான வாக்கியங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ1-இல், எதிரில் இருப்பவர் மெதுவாகத் திரும்பச் சொல்லவும் நமக்கு வார்த்தை எடுத்துக்கொடுக்கவும் தயாராக இருந்தால், எளிமையாகப் பேச முடியும் என்று இருக்கும். ஏ2-இல் சின்னச் சின்னப் பேச்சுப் பரிமாற்றங்களைச் சமாளிக்க முடியும், ஆனால் உரையாடலை நாமே நகர்த்திக்கொண்டு போகும் அளவுக்குப் பொதுவாகப் புரியாது. பி1-இல் பழக்கமான விஷயங்களில் முன் தயாரிப்பு இல்லாமல் உரையாடலில் இறங்க முடியும். மூன்றிலும் 'பேச முடியும்' என்பது பொதுவாகவே இருக்கிறது. எவ்வளவு உதவியோடு, எவ்வளவு தயாரிப்போடு, எந்த மாதிரிப் பேச்சுக்கு என்கிற நிபந்தனைதான் நிலையைப் பிரிக்கிறது. நாம் வினைச்சொல்லை மட்டும் படித்துவிட்டு 'இது எனக்கு வருமே' என்று டிக் போட்டுவிடுகிறோம். வகுப்பில் என் தோழியோடு நான் சரளமாகப் பேசியது உண்மைதான், ஆனால் அவள் என்ன கேட்பாள் என்று எனக்கு முன்பே தெரியும், நான் தடுமாறினால் தமிழில் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுப்பாள். அது ஏ2.

அதனால் இப்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் நிபந்தனைக்கு அடியில் பென்சிலால் கோடு போடுகிறேன். 'தெளிவான', 'பழக்கமான', 'தயாரிப்பு இல்லாமல்', 'மெதுவாக' போன்ற சொற்களுக்கு. அவற்றை எடுத்துவிட்டுப் படித்தால் ஏ2-க்கும் பி1-க்கும் பெரிய வித்தியாசமே தெரியாது.

அடுத்து, குறிப்பது எப்படி? மொழி கற்பவர் தன் திறனைத் தானே குறித்து வைத்துக்கொள்ள ஐரோப்பிய மொழிக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. அதன் சுவிஸ் பதிப்பில் உள்ள சரிபார்ப்புப் பட்டியல்களில் ஒரு டிக் என்றால் சாதாரணச் சூழலில் முடியும், இரண்டு டிக் என்றால் சுலபமாக முடியும். ஒரு ஆச்சரியக்குறி என்றால் இது என் இலக்கு, இரண்டு என்றால் இதுதான் முதல் இலக்கு. நாம் டிக் போட ஒரு பத்தி, ஆசிரியரோ வேறொருவரோ போட இன்னொரு பத்தி. ஒரு நிலையின் பட்டியலில் 80 சதவீதத்துக்கு மேல் டிக் விழுந்தால் அந்த நிலையை அநேகமாக எட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு சதவீதம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வாக்கியம் வரவில்லை என்பதற்காக அங்கேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நான் முதல் தடவை பட்டியலை நிரப்பியபோது கேட்டலில் பாதிக்கு மேல் இரண்டு டிக். மாதிரித் தாளில் வந்ததோ 13. பொய் சொல்ல வேண்டும் என்று போடவில்லை, ஏற்கெனவே நாலு தடவை கேட்ட பாடப்புத்தக ஒலிப்பதிவை மனதில் வைத்துப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. இதற்கு முன் கேட்காத, படிக்காத ஒன்றில், வேறு வேறு நாளில் மூன்று முறை செய்து காட்டினால்தான் ஒரு டிக், நைட் டியூட்டி முடிந்து களைப்பாக இருக்கும்போதும் வந்தால் இரண்டாவது டிக். டிக்குக்குப் பக்கத்தில் தேதியும், எதைக் கேட்டு முடிவு செய்தேன் என்பதும் எழுதியிருக்க வேண்டும். இந்த விதியோடு மறுபடி நிரப்பியபோது கேட்டலில் முக்கால்வாசி டிக் காணாமல் போனது.

சரி, கேட்டலை எப்படிச் சரிசெய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பி1 கேட்டல் வாக்கியம், பழக்கமான விஷயங்களைப் பற்றிய தெளிவான, பொது வழக்குப் பேச்சில் முக்கியக் கருத்துகளைப் புரிந்துகொள்ள முடியும் என்கிறது. இதை அப்படியே இலக்காக வைத்தால் நாளைக் காலை என்ன செய்வது என்றே தெரியாது. அதனால் தப்பான 17 கேள்விகளையும் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை இரண்டே இடத்தில் விழுந்திருந்தன. ஒன்று எண்கள். ஜெர்மனில் 24-ஐ 'ஃபியர்உன்ட்ஸ்வான்சிஷ்', அதாவது நான்கும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். நான் 42 என்று எழுதி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். இன்னொன்று பிரியும் வினைகள். 'ஃபெல்ட்' என்று வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் வரும், பிறகு நேரம், இடம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் 'அவுஸ்' என்று ஒரு துண்டு வரும். இரண்டும் சேர்ந்தால்தான் நிகழ்ச்சி ரத்து. தமிழில் வினை கடைசியில் வருவதால் நாம் இயல்பாகவே வாக்கியம் முடியும்வரை காத்திருப்பவர்கள், ஆனால் இங்கே வினை முன்னாலேயே வந்துவிடுவதால் கேட்டாகிவிட்டது என்று காது ஓய்ந்துவிடுகிறது.

ஆகவே அந்தப் பெரிய வாக்கியத்திலிருந்து எனக்கென்று சின்னதாக ஒன்று எழுதிக்கொண்டேன்: 'ரயில் நிலையத்திலோ தொலைபேசிப் பதிவிலோ வரும் அறிவிப்பை ஒரே முறை கேட்டு, ரத்தா, தள்ளிவைப்பா, இடமாற்றமா என்பதையும் நேரத்தையும் என்னால் சொல்ல முடியும்.' ஒரே முறை என்பது முக்கியம், ஏனென்றால் பி1 கேட்டல் தேர்வின் நான்கு பகுதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு முறைதான் ஒலிக்கும். வாரம் ஒரு நாள் புதிதாகப் பத்து அறிவிப்பு, திரும்பப் போடாமல். முதல் வாரம் பத்தில் நான்கு, மூன்றாம் வாரமும் ஐந்துதான், ஆறாம் வாரம் எட்டு. அப்போதுதான் டிக் போட்டேன். மூன்றாம் வாரம் ரொம்பச் சோர்ந்துபோனேன் என்பது உண்மை, ஆனால் தாளை எடுத்துப் பார்த்தால் எண்களில் தப்பே இல்லை, பாக்கி முழுக்கப் பிரியும் வினைகள் மட்டும்தான். மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது, அதனால் எதில் தப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோதே நிறுவனத்தின் வழிகாட்டல்படி ஏ2 முடிக்க 45 நிமிட வகுப்புகள் 200 முதல் 350 வரை, பி1 முடிக்க மொத்தம் 350 முதல் 650 வரை தேவைப்படலாம். எனக்கு ஏ2 முடியும்போது சுமார் 230 ஆகியிருந்தது. பி1-க்கு மொத்தம் 450 என்று வைத்தால் பாக்கி 220. ஷிஃப்டுக்கு நடுவில் என்னால் வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் முடியும், அதாவது எட்டு வகுப்பு. 220-ஐ எட்டால் வகுத்தால் 27 வாரத்துக்கும் மேல், அதாவது ஆறு மாதத்துக்கும் மேல். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரத்துக்குப் பதினேழு வகுப்பு வேண்டும், வேலையை விட்டால்தான் நடக்கும். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைப் போடுங்கள், பணம் கட்டுவதற்கு முன்பு.

எழுத்தும் பேச்சும் நாமே டிக் போட்டுக்கொள்ளக் கூடாத திறன்கள். நான் எழுதியது எனக்கு எப்போதுமே புரியும். பி1 எழுத்தில் நண்பருக்குச் சுமார் 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல் வரும். அதை எழுதி, கேள்வியைக் காட்டாமல், பி2 முடித்த ஒரு அக்காவுக்கு அனுப்பி, 'நான் எதற்காக எழுதியிருக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன்' என்று மட்டும் கேட்பேன். அவர் சரியாகச் சொன்னால் டிக். இலக்கணப் பிழையை வேறு தாளில் தனியாகத் திருத்திக்கொள்வேன். ஏனென்றால் கேன்-டூ வாக்கியம் வேலை நடந்ததா என்பதைத்தான் அளக்கும், பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் 'டேர்', 'டீ', 'தாஸ்' சரியா என்பதை அளக்காது. தேர்வில் இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. பட்டியலில் 80 சதவீதம் டிக் விழுந்துவிட்டதால் தேர்வில் தேர்ச்சி உறுதி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டல் தாள் 40 நிமிடம், அந்த வேகத்தில் கேள்வியைப் படிப்பது தனிப் பழக்கம், கடைசி ஒரு மாதம் அதற்கென்று ஒதுக்க வேண்டும். பார்க்காத மாதிரித் தாள் ஒன்றைத் தொடாமல் மிச்சம் வையுங்கள்.

எட்டாவது மாதம் தேர்வு எழுதினேன். வாசிப்பு 83, எழுத்து 71, பேச்சு 78, கேட்டல் 70. நான்கு பகுதிகளையும் தனித்தனியாகவும் எழுதலாம் என்பதால், கேட்டல் போயிருந்தால் அதை மட்டும் திரும்ப எழுதுவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன், தேவைப்படவில்லை. இப்போது பி2 பட்டியலைக் கையில் எடுத்திருக்கிறேன். உரையாடல் பகுதியில், ஜெர்மன்காரர்களோடு இருபக்கமும் சிரமமில்லாமல் சகஜமாகப் பேச முடியும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டு, கீழே எனக்கான சின்ன வாக்கியத்தை எழுதியிருக்கிறேன்: 'ஷிஃப்ட் மாறும்போது ஒரு நோயாளியின் நிலையை மூன்று நிமிடத்தில் சொல்லி, எதிரில் இருப்பவர் நடுவில் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு, திரும்பக் கேட்கச் சொல்லாமல் பதில் சொல்ல முடியும்.' போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போனில் செய்து பார்த்தேன். முதல் கேள்விக்குச் சொல்லிவிட்டேன், இரண்டாவதைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. டிக் போடவில்லை, தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.