கடலோடா நெடுந்தேர்: 496ஆம் குறளை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தது

திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்கு இந்தக் குறள்மேல் ஒரு தனிப் பிரியம். தமிழ் தெரியாதவர்களும் வாசிக்கும்படி இரண்டு வரி ஆங்கிலம், கீழே ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான் திட்டம்.

கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து.

சொல் விளங்குவது லேசு. கால் என்றது இங்கே தேரின் சில்லு; நாவாய் கப்பல். சிக்கல் 'ஓடு' என்ற வினையில்தான். கடலோடா, கடலோடும், ஓடா என்று ஒரே வினை மூன்று தரம் வந்து குறளையே தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் தேருக்கு 'ரன்', கப்பலுக்கு 'செயில்' என்று போட்டால் பொருள் சரியாக வரும், ஆனால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். இரண்டுக்கும் பொதுவாக 'கோ' என்று வைத்தபோது, 'கடலோடும்' என்பதற்கு 'ஸீகோயிங்' தானாக வந்து பொருந்தியது. இப்போதைக்கு என் வரிகள் இப்படி:

த டோல் ஸ்ட்ராங்-வீல்ட் சாரியட் டஸ் நாட் கோ ஆன் த சீ;
நோர் டஸ் த ஸீகோயிங் ஷிப் கோ ஆன் லாண்ட்.

எதுகைக்காக எதையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் குறளில் இல்லாத ஒரு சொல் வந்து உட்கார்ந்துவிடும்.

வேலையிடத்தில் ஒரு சிங்கள நண்பரிடம் வரிகளை மட்டும் காட்டினேன். வாசித்துவிட்டு, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணன், இதில என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. இது பிறிதுமொழிதல் அணி. உவமையை மட்டும் சொல்லி, சொல்ல வந்ததை மறைத்துவிடுகிறது. நமக்கு 'இடனறிதல்' என்ற அதிகாரத் தலைப்பு அதைத் திறந்து கொடுக்கிறது. தனியாக எடுத்த குறளில் அந்தத் தலைப்பு இல்லை. அதற்காகக் கருத்தை வரிகளுக்குள்ளே திணிக்க எனக்கு மனமில்லை. திணித்தால் வாசகர் தாமாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அதைக் குறிப்பு சுமக்கட்டும்.

குறிப்பில் மூன்று விஷயம் வைத்தேன். இது பொருட்பாலில், அரசன் போருக்கு இடம் தெரிந்தெடுப்பது பற்றிய அதிகாரத்தில் வருகிறது. தேர் என்பது யானை, குதிரை, காலாள் ஆகியவற்றோடு சேர்ந்த படை உறுப்பு, திருவிழாத் தேர் அல்ல. பகைவரின் இடத்தை அறிந்து, அதற்கேற்ற கருவியால் வினை செய் என்பது கருத்து; பரிமேலழகரும் அப்படித்தான் கொள்கிறார். வள்ளுவரின் காலம், மற்ற உரை வேறுபாடுகள் எல்லாவற்றையும் வெட்டினேன், குறிப்பு குறளை அமுக்கிவிடக் கூடாது. நண்பருக்கு அதையும் காட்டினேன். "அப்ப இது தேரைப் பற்றியதே இல்லை" என்றார். குறிப்பு வேலை செய்கிறது.

அடுத்தது அதே அதிகாரத்தின் 500ஆம் குறள், சேற்றில் அகப்பட்ட யானையை நரி கொல்வது. அங்கே 'காலாழ் களர்' என்று வரும் கால் யானையின் கால்தான். 'களர்' என்பதற்குத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்: உவர்நிலம் என்பதும் வேண்டும், கால் புதையும் சேறு என்பதும் வேண்டும்.