தோசைக்கல் விலையும் தலைப்பும்: சோதனை நாட்குறிப்பு

2025 ஜூன் 15, ஞாயிறு

ஆன்லைனில் தோசைக்கல் விற்கும் என் பக்கத்தில் இரண்டு வாரமாக எதையும் மாற்றாமல் சும்மா இருந்தேன். 11 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல், விலை 899, அதே படம், அதே தலைப்பு. முதல் வாரம் 15 ஆர்டர், இரண்டாவது வாரம் 23.

இந்த இரண்டு வாரத்துக்கும் நடுவில் நான் தலைப்பை மாற்றியிருந்தால், "எட்டு ஆர்டர் கூடிவிட்டது" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருப்பேன். போன வருடம் படத்தை மாற்றியபோது அப்படித்தான் சொன்னேன் என்பது இப்போது உறைக்கிறது.

புள்ளியியல் படித்த அக்கா ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வார ஆர்டர்களையும் கூட்டு: 38. அதற்கு வர்க்கமூலம் எடு: ஆறு சொச்சம். அதை இரண்டால் பெருக்கு: 12. வித்தியாசம் 12-ஐத் தாண்டினால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று யோசிக்கலாம். எட்டு என்பது வெறும் குலுக்கல். என் கடை அளவுக்கு இந்தக் கணக்கு போதும்.

ஜூன் 22, ஞாயிறு

பழைய தலைப்பு இது: `Heavy Duty Premium Quality Cast Iron Cookware Dosa Tawa 11 Inch`. போனில் தேடிப் பார்த்தால் முதல் நான்கைந்து சொல்தான் தெரிகிறது. அதாவது வாங்குபவர் கண்ணில் படுவது "ஹெவி டியூட்டி பிரீமியம் குவாலிட்டி". தோசைக்கல் என்பதே தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு இப்படி மாற்றினேன்: `Pre-Seasoned Iron Dosa Kallu 11 Inch 2.3 kg`. திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணினேன். வார நாளும் வாரக் கடைசியும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், அதனால் எப்போதும் முழு வாரம்தான்.

பழைய தலைப்பின் கடைசி வாரத்தில் தேடலில் 9,800 முறை காட்டப்பட்டு 206 க்ளிக். புதியதில் 10,400 முறை, 343 க்ளிக். அக்கா கணக்குப்படி 47 வித்தியாசம் இருந்தால் போதும். வந்திருப்பது 137. சந்தேகமே இல்லை.

ஆர்டர் 28. முன்பு வந்த 23-ஓடு வைத்துப் பார்த்தால் இதுவும் குலுக்கல்தான். க்ளிக் நூற்றுக்கணக்கில் வருவதால் ஒரே வாரத்தில் பதில் கிடைக்கிறது. ஆர்டர் அப்படி இல்லை. தலைப்பைச் சோதிக்கும்போது க்ளிக்கைப் பார்ப்பது அதனால்தான் சுலபம்.

ஜூன் 29, ஞாயிறு

பேராசை. தலைப்பில் `Non-Stick` சேர்த்தேன். நன்றாகப் பழக்கிய கல்லில் தோசை ஒட்டாதுதானே, பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 12,100 முறை காட்டப்பட்டு 508 க்ளிக். 34 ஆர்டர். இரவெல்லாம் பேக்கிங். அம்மா கூடவே உட்கார்ந்து அட்டை மடித்தார்.

ஜூலை 12, சனி

34-இல் 9 திரும்பி வந்துவிட்டன. சாதாரணமாக வாரத்துக்கு ஒன்று வரும், சில சமயம் இரண்டு.

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இது நான்-ஸ்டிக் இல்லை, துணியில் கருப்பு ஒட்டுகிறது." இன்னொரு அம்மா போனிலேயே கூப்பிட்டார். "தம்பி, இதை சோப்புப் போட்டு ஊற வெச்சேன், துரு வந்திருச்சுப்பா." அவர் தேடியது பூச்சுப் போட்ட கல். நான் அனுப்பியது இரும்பு. அவர் மேல் என்ன தப்பு?

ஒரு கல் விற்றால் கொள்முதல், பேக்கிங், கூரியர், கமிஷன், வரி எல்லாம் போக கையில் நிற்பது 180 ரூபாய். ஒன்று திரும்பினால் இருவழிக் கூரியரும் மறுபடி பழக்கும் செலவுமாக 250 நஷ்டம். அந்த வாரம் நின்ற 25 கல்லுக்கு 4,500, திரும்பிய ஒன்பதுக்கு 2,250 போக, மிச்சம் 2,250. அதற்கு முந்தைய வாரம் 28 விற்று ஒன்று திரும்பியபோது கிடைத்தது 4,610. க்ளிக்கும் கூடி ஆர்டரும் கூடி, பணம் பாதியாகிவிட்டது.

இது தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் கணக்கு எழுதியிருந்தால் அதே தலைப்பை வைத்துக்கொண்டே இருந்திருப்பேன். சோதனை வாரம் முடிந்ததுமே `Dosa Kallu` தலைப்புக்குத் திரும்பியிருந்தேன், நல்லவேளை.

ஜூலை 13, ஞாயிறு

நாளை முதல் விலைச் சோதனை. 899, 999 இரண்டு மட்டும். 1,000-ஐத் தாண்டினால் நான் விற்கும் தளத்தில் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும். "ஆயிரத்துக்குள்" என்று வடிகட்டித் தேடுபவர் கண்ணிலும் படாது. அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி. 1,299, அதற்குள் இருப்பதால் சிக்கல் இல்லை.

வரிசை 899, 999, 999, 899. மாற்றி மாற்றி வைத்தால் போதாதா என்று கேட்டேன். அக்கா சொன்னாள், ஆடி மாதத்தில் வியாபாரம் வாரா வாரம் மெல்ல ஏறினாலும் இறங்கினாலும், 899, 999, 899, 999 என்று வைத்தால் 999 எப்போதும் பிந்திய வாரத்தில் விழும், அதன் தலையில் அந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்துவிடும். நடுவில் இரண்டு, ஓரங்களில் இரண்டு என்றால் அது இரண்டு பக்கமும் சமமாகப் பங்காகும்.

999-க்கு விற்றால் கையில் 260. 899-க்கு 180. ஆக, 899-இல் 100 விற்கும் இடத்தில் 999-இல் 69 விற்றாலே சரிக்குச் சரி. இதை முன்னாலேயே எழுதி வைக்கிறேன். அப்புறம் எழுதினால் மனசுக்குப் பிடித்த எண்ணைத்தான் எழுதுவேன்.

ஜூலை 23, புதன்

ஒரு மெஸ்காரர் ஆறு கல் ஒன்றாக வாங்கினார், 999 வாரத்தில். சந்தோஷம், ஆனால் சோதனைக் கணக்கில் அது ஒரே ஆர்டர். விலையைப் பார்த்து முடிவெடுத்தவர் ஒருவர்தானே.

மூன்று நாளில் நான்கு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். திங்களன்று ஒரு ஆர்டர்கூட இல்லை, கை பரபரத்தது. மாற்றவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

899 வாரங்கள்: 26, 29. மொத்தம் 55.
999 வாரங்கள்: 23, 18. மொத்தம் 41.

கையில் நின்றது 899-க்கு 9,900, 999-க்கு 10,660. ரிட்டர்ன் இன்னும் முழுதாக வரவில்லை, இதுவரை இரண்டு பக்கமும் ஒவ்வொன்று.

999 ஜெயித்துவிட்டது என்று சொல்ல முடியாது. சமப்புள்ளி 38, வந்தது 41. மூன்று ஆர்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனால் கதை மாறும். 18 வந்த வாரத்தில் ஆடிப்பெருக்கு வந்தது, தேடிய பக்கமெல்லாம் ஆடித் தள்ளுபடி. என் விலை மட்டும் ஏறி நின்றது. இன்னும் இரண்டு மாதம் ஓட்டினால் ஒருவேளை தெளிவாகும். அதற்குள் தீபாவளி நெருங்கிவிடும், அந்த எண்கள் வேறு எதற்கும் உதவாது.

அதனால் முடிவை வேறு பக்கத்திலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு கல்லையும் எண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவைத்து, மறுபடி தடவி என்று மூன்று சுற்றுப் பழக்குவது அம்மாவும் நானும்தான். பணம் ஏறத்தாழ ஒன்றே என்றால், 999-இல் இரண்டு வாரத்துக்கு 14 கல் குறைவாகப் பழக்கினால் போதும். அம்மாவிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க நாலு வாரமாடா?" என்றார்.

விலை 999. நாளைக்கு வார்ப்பு ஆலை அண்ணனிடம் 60 கல்லுக்குச் சொல்ல வேண்டும்.